சேர்க்காட்டில் போன சிக்னல்

காட்பாடியிலிருந்து சேர்க்காடு பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே போனில் சிக்னல் கம்பிகள் குறைவதும், திடீரென்று ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு ரோமிங் என்று காட்டுவதும் சாதாரணம். எல்லை கூப்பிடு தூரம்தான். அதனால் அந்தச் சனிக்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு என் போனில் கம்பிகள் மொத்தமாகக் காணாமல் போய் `Emergency calls only` என்று வந்தபோது நான் எதுவும் யோசிக்கவில்லை. நண்பர் வீட்டுப் புதுமனை புகுவிழா முடிந்து, வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எப்படியும் காட்பாடி வந்தால் வந்துவிடும் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

அந்தத் தூக்கம் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் என் எண் வேறொருவர் போனில் வேலை செய்துகொண்டிருந்தது.

காந்தி நகரில் வீட்டுக்குள் நுழைந்ததும் வைஃபை பிடித்தது. கம்பிகள் மட்டும் வரவில்லை. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தேன், போனை அணைத்துப் போட்டேன், சிம்மை வெளியே எடுத்து வேட்டி முனையில் துடைத்து மறுபடி சொருகினேன். எல்லோரும் செய்வதுதான். பிறகு மனைவியின் போனைப் பார்த்தேன். அவளுடையதும் அதே கம்பெனி சிம்தான். அதில் கம்பிகள் முழுசாக நின்றன.

டவர் பிரச்சினை இல்லை என்பது அப்போது தெரிந்தது. ஆனால் கார்டு கெட்டுப்போயிருக்கலாம், போன் கெட்டுப்போயிருக்கலாம். என் சிம்மை அவள் போனில் போட்டுப் பார்த்தேன், அங்கும் எடுக்கவில்லை. அவள் சிம்மை என் போனில் போட்டேன், உடனே எடுத்தது. போன் நல்லது, கோளாறு கார்டில், இல்லாவிட்டால் கார்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில். சரி, திங்கட்கிழமை கடைக்குப் போய் வேறு சிம் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அவள்தான், "ஏங்க, இருங்க, ஒரு தடவ உங்க நம்பருக்கு அடிச்சுப் பாக்கறேன்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டாள். என் போன் மேசைமேல் ஊமையாகக் கிடக்கிறது. அவள் போனில் ரிங் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது ரிங்கில் யாரோ கட் செய்தார்கள்.

இதைவிடத் தெளிவான சோதனை வேறு இல்லை. கார்டு செத்துப்போயிருந்தால் ஸ்விட்ச் ஆஃப் என்றோ தொடர்பு எல்லைக்கு வெளியே என்றோதான் வரும். ரிங் போகிறது, உங்கள் கையில் இருக்கும் போன் அடிக்கவில்லை என்றால், உங்கள் எண் பெரும்பாலும் வேறு யார் கையிலோ இருக்கிறது. இது ஒருபக்கச் சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்துவிட்டதால் நிம்மதியாகிவிட முடியாது. திருடியவர் போனை அணைத்து வைத்திருந்தாலும் அப்படித்தான் வரும். அப்போது கஸ்டமர் கேரில் கேட்டால்தான் தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்பதை நானும் பிறகுதான் புரிந்துகொண்டேன். நம் பத்து இலக்க எண் சிம் கார்டுக்குள் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கார்டில் இருப்பது அந்தக் கார்டுக்கே உரிய ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும். எந்த எண் எந்தக் கார்டுக்குச் சொந்தம் என்பது கம்பெனியின் கணினியில் இருக்கும் பதிவேட்டில் இருக்கிறது. கார்டு தொலைந்துவிட்டது என்று நாம் போய்ச் சொன்னால், கடைக்காரர் புதுக் கார்டை எடுத்து, அதன் எண்ணை அந்தப் பதிவேட்டில் நம் எண்ணுக்கு எதிரே ஏற்றுகிறார். ஏறிய சிறிது நேரத்தில் பழைய கார்டு வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதை டவர் சேர்த்துக்கொள்ளாது. நாம் போகாமல் நம் பெயரில் வேறொருவர் போய் இதைச் செய்துகொண்டால் அதற்குப் பெயர்தான் சிம் ஸ்வாப். நம் போனை யாரும் தொடவில்லை, எந்த வைரஸும் புகவில்லை. ஒரு பதிவேட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். இப்போது தனிக் கார்டே இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் இ-சிம் வந்துவிட்டதால் கடைக்குக்கூடப் போக வேண்டாம். "உங்க சிம்மை அப்கிரேட் பண்றோம், இந்த மெசேஜை ஃபார்வர்ட் பண்ணுங்க" என்று போனில் பேசியே நம் கையாலேயே நம் எண்ணை அவர்கள் போனுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

என் விஷயத்தில் வெளிமாவட்டத்தில் ஒரு கடையில் நேரில் நடந்திருந்தது. ஏதோ ஓர் அடையாளச் சான்று நகல், என் பெயர், வேறு முகம். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்.

அந்த ரிங் கட் ஆனதும் கை நடுங்கியது. நான் வேலூர் லாங்பஜாரில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. ஓடிபிகூடச் சில சமயம் என் போனுக்கு வரும். 2009-லிருந்து ஒரே எண். வங்கி, ஆதார், கேஸ், மின்வாரியம், எல்லாம் அதில்தான் தொங்குகிறது.

கஸ்டமர் கேருக்கு மனைவியின் போனிலிருந்து அடித்தோம். இங்கே ஒரு விஷயம். நான் முதலில், "என் நம்பர்ல நெட்வொர்க் இல்ல மேடம்" என்றேன். அவர் பார்த்துவிட்டு, "உங்க நம்பர் ஆக்டிவ்ல இருக்கு சார், உங்க ஏரியாவுலயும் பிரச்சினை எதுவும் இல்ல, போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எண் ஆக்டிவ்தான், என்னிடம் இல்லை என்பதைத் தவிர. கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. "இந்த நம்பருக்குக் கடைசியா எப்போ சிம் மாத்தியிருக்கு?" என்று கேட்டதும் அந்தப் பெண்ணின் குரலே மாறியது. "இன்னிக்கு நாலு முப்பத்தெட்டுக்கு சார். நீங்க மாத்தலையா?"

கடைசி ரீசார்ஜ் எவ்வளவு, எந்தத் தேதி, ஆதாரில் என்ன பிறந்த தேதி என்றெல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே வரும் அழைப்பு, வெளியே போகும் அழைப்பு இரண்டையும் நிறுத்தி வைக்கப் பதிவு செய்தார். புகார் எண்ணை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அது நிறுத்தப்பட ஆறே கால் மணி ஆனது.

கஸ்டமர் கேரில் ஆள் எடுப்பதற்கு முன், மனைவி அந்த வரிசையில் காத்திருந்த நேரத்திலேயே பக்கத்து வீட்டு அக்காவின் போனை வாங்கி நான் வங்கிக்கு அடித்தேன். இரண்டாம் சனிக்கிழமை என்பதால் கிளை மூடியிருக்கும், ஆனால் கார்டைத் தடுக்கும் எண் 24 மணி நேரமும் இருக்கும். அந்த இயந்திரக் குரல் முதலில் கேட்டது, பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும் என்று. அந்த எண்தானே போய்விட்டது! அதைத் தாண்டி டெபிட் கார்டு எண்ணைப் போட்டு உள்ளே போனேன். கார்டு கையில் இருந்ததால் தப்பித்தேன். கார்டு தடையானது. பிறகு ஆள் ஒருவர் வந்து நெட்பேங்கிங்கையும் யூபிஐயையும் நிறுத்த வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டார். அது பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருந்தது. பாஸ்புக் பீரோவில். பீரோ சாவி எங்கே என்று தேடிய அந்த நாலு நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். வங்கியின் உதவி எண், வாடிக்கையாளர் எண், கார்டின் கடைசி நாலு இலக்கம், இந்த மூன்றையும் இப்போது ஒரு தாளில் எழுதி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போனில் சேமித்து வைத்தால் அது இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கு நடுவில்தான் வாட்ஸ்அப் போனது. ஐந்து நாற்பத்திரண்டுக்கு என் போனிலேயே ஒரு செய்தி வந்தது. உங்கள் எண் இந்தப் போனில் இனிப் பதிவில் இல்லை, வேறொரு போனில் பதிவு செய்யப்பட்டிருக்கலாம் என்கிற மாதிரி.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரத்துக்குப் புதுக் கார்டில் எஸ்எம்எஸ் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022 நவம்பரில் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. இந்த மாதிரி திருட்டைத் தடுக்கத்தான். அப்படியானால் வாட்ஸ்அப் ஓடிபி திருடியவருக்கு எப்படிப் போனது? எஸ்எம்எஸ்ஸாகப் போகவில்லை. ஆறு இலக்க எண் மெசேஜில் வராவிட்டால் போன் செய்து சொல்லவும் வாட்ஸ்அப்பில் வழி இருக்கிறது. எஸ்எம்எஸ் நின்றிருந்தாலும் அழைப்பு நிற்கவில்லை. என் மனைவி அடித்தபோது ரிங் போனதே, அதே வழியாகத்தான் வாட்ஸ்அப்பின் குரலும் போயிருக்கிறது.

இந்த 24 மணி நேரம் வங்கிப் பணத்துக்கு நல்ல காவல். மெசேஜிங் கணக்குகளுக்கு அது காவலே இல்லை. இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வங்கிப் பக்கம் எப்படிக் காவல் என்று பார்த்தால், புதுப் போனில் யூபிஐ ஆப்பைப் போடும்போது அது நம் சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு எஸ்எம்எஸ் தானாக அனுப்பிப் பார்க்கும். அந்த எஸ்எம்எஸ் போனால்தான் இந்த எண்ணும் இந்தப் போனும் ஒன்று என்று வங்கி நம்பும். வெளியே போகும் எஸ்எம்எஸ் நின்றிருந்தால் முதல் படியிலேயே மாட்டிக்கொள்ளும். அதைத் தாண்டினாலும் டெபிட் கார்டை வைத்துப் புது யூபிஐ பின் போட அதன் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், ஓடிபி வேண்டும். அதாவது சிம்மை மட்டும் திருடினால் பணம் வராது. இன்னொரு பாதி முன்பே கையில் இருக்க வேண்டும்.

அந்த இன்னொரு பாதியை நானே கொடுத்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து நாளுக்கு முன், கூரியர் முகவரி சரியில்லை, மறுபடி அனுப்ப 25 ரூபாய் கட்டுங்கள் என்று ஒரு லிங்க் வந்தது. அந்த வாரம் நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தேன். கார்டு எண், மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம், பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டேன். பணம் கழியவில்லை, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. போகிறது என்று விட்டுவிட்டேன். ஊரில் நாலு பேருக்கு ஓடிபி சொல்லாதே என்று புத்தி சொல்கிற ஆள் நான். ஓடிபி சொல்லவில்லைதான். மற்றதெல்லாம் கொடுத்துவிட்டேன்.

ஆக, நான் திங்கட்கிழமை வரை விட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு முப்பத்தெட்டுக்கு எஸ்எம்எஸ் தடை விலகியிருக்கும். அவர் கையில் என் கார்டு விவரமும் இருக்கும், என் ஓடிபியும் வரும். கிளை திறப்பது திங்கட்கிழமை காலை. இரண்டாம் சனிக்கிழமையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றையும் அன்று இரவுதான் கோத்துப் பார்த்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தெரியாத எண்களிலிருந்து மிஸ்டு கால் கொட்டியது. எடுத்தால் கட். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. வெறுத்துப்போய் வெள்ளி இரவு போனை சைலன்ட்டில் போட்டேன், சனிக்கிழமையும் எடுக்கவில்லை. சிம் மாற்றக் கோரிக்கை வந்தால் பழைய கார்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும், இது நீங்கள் இல்லை என்றால் உடனே சொல்லுங்கள் என்று. எனக்கும் வந்திருந்தது, நாலு பன்னிரண்டுக்கு. இருபத்தாறு நிமிடம் அவகாசம். புதுமனை வீட்டில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். சைலன்ட்டில் இருந்த போனில், வீட்டுமனை விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் அது படிக்கப்படாமல் கிடந்தது. அந்த மிஸ்டு கால்களின் வேலையே அதுதான், நம்மைப் போனை அணைக்க வைப்பது, குறைந்தபட்சம் கண்டுகொள்ளாமல் இருக்க வைப்பது.

சரி, வாட்ஸ்அப் போன பிறகு என்ன செய்ய முடிந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தோன்றுவதில்லை. சிம் செத்தாலும் போன் சாகவில்லை. வைஃபையில் என் ஜிமெயில் திறந்துதான் இருந்தது, டெலிகிராம் திறந்துதான் இருந்தது. எதிராளிக்கு என் எண் கிடைத்திருக்கிறது, என் போன் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் நாம் முந்திக்கொள்ளலாம்.

முதலில் டெலிகிராம். அதில் கவலை அதிகம், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் பழைய பேச்சு நம் போனில்தான் இருக்கும், வேறு போனில் பதிவு செய்கிறவருக்கு அது தெரியாது. டெலிகிராமில் சாதாரண உரையாடலெல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் வருடக்கணக்கான பேச்சும் படமும் அப்படியே திறக்கும். மூன்று கடைக்காரர்களின் பில் படங்கள், இரண்டு பேரின் பான் கார்டு நகல், எல்லாம் அதில்தான் கிடந்தன. Settings-இல் Privacy and Security போய் Two-Step Verification-இல் ஒரு கடவுச்சொல் போட்டேன். இது போட்டுவிட்டால் ஓடிபி கிடைத்தாலும் கடவுச்சொல் இல்லாமல் புதுப் போனில் நுழைய முடியாது. கூடவே Devices-இல் பார்த்தேன், என் போனும் கடை கணினியும் மட்டும்தான் இருந்தன. நல்ல வேளை, நான் முந்திவிட்டேன்.

அடுத்து ஜிமெயில். அதில் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொன்னால் மீட்க உதவும் எண்ணாக என் எண்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு மனைவியின் எண்ணைப் போட்டேன், கடவுச்சொல்லை மாற்றினேன். வங்கிக்கடுத்து முக்கியம் இதுதான் என்பேன். வங்கி அறிவிப்பு, எல்லாக் கணக்குக்கும் கடவுச்சொல் மாற்றும் லிங்க், எல்லாம் இங்கேதான் வந்து விழும். ஐந்து ஐம்பதுக்கு நெட்பேங்கிங் கடவுச்சொல்லை மாற்ற யாரோ முயன்று தோற்றிருக்கிறார்கள் என்று வங்கியின் மின்னஞ்சல் அதில்தான் இருந்தது. அதே அறிவிப்பு எஸ்எம்எஸ்ஸில் மட்டும் வந்திருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது.

வாட்ஸ்அப்பில்தான் தோற்றேன். வீட்டுக்கு வந்து சிம்மைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தில் அதற்கு ஒரு பின் போட்டிருக்கலாம். வைஃபையே போதும், சிம் வேண்டாம். அதைவிட, இரண்டு வருடத்துக்கு முன்பே போட்டிருக்கலாம். Settings, Account, Two-step verification, ஆறு இலக்கம். ஒரு நிமிட வேலை. அது இருந்திருந்தால் குரலில் வந்த ஓடிபி அவருக்குப் போதாமல் போயிருக்கும்.

புதுப் போனில் பதிவு செய்தவருக்கு என் பழைய பேச்சு தெரியாது, ஆனால் நான் இருக்கும் குழுக்கள் தெரியும், குழுவில் இருப்பவர்களின் எண்கள் தெரியும். அது போதுமே. ஆறு மணிக்கு மேல் எல்லோருக்கும் ஒரே செய்தி போயிருக்கிறது. "அவசரம், என் ஜிபே வேலை செய்யல, 15000 அனுப்ப முடியுமா, நாளைக்குத் தந்துடறேன்." லாங்பஜாரில் பாத்திரக்கடை பாய் உஷாரானவர். நான் எழுதுகிற தமிழ் வேறு மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மனைவியின் எண்ணுக்கு அடித்து, "என்ன சார், பணம் கேட்டீங்களாமே, நேர்ல வந்தே கேக்கலாமே" என்று சிரித்தார்.

குடியாத்தத்தில் இருக்கும் சித்தி மகன் உஷாராக இல்லை. பாசம் அதிகம். கையில் இருந்த 8,000-ஐ அனுப்பிவிட்டு, ஏழு இருபதுக்கு, "அண்ணா, வந்துச்சா? மீதி நாளைக்குப் போடட்டுமா?" என்று மனைவியின் எண்ணுக்கு அடித்து என்னிடம் கேட்டான். அவன் தம்பியின் கல்யாணச் செலவுக்கு வைத்திருந்த பணம் என்று பிறகு தெரிந்தது.

அவனை உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடிக்கச் சொன்னேன். பணம் போனது அவன் கணக்கிலிருந்து என்பதால் புகாரும் அவன்தான் தர வேண்டும். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்கக் குறிப்பு எண் ஒன்று இருக்கும். அது, நேரம், தொகை, யாருக்குப் போனதோ அவரது யூபிஐ முகவரி, இவைதான் கேட்பார்கள். கதை கேட்க மாட்டார்கள். 1930-இல் சொன்னதும் அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பி, எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதைப் பிடித்து வைக்கச் சொல்வார்கள். அதனால்தான் மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்கு. அவன் ஏழு நாற்பதுக்குச் சொன்னான். 5,000 அங்கே நின்றது, 3,000 அதற்குள் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தது. அப்புறம் `cybercrime.gov.in`-இல் மீதி விவரத்தை நிரப்பினான்.

ஞாயிறு காலை கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கு ஆதார் அட்டையோடு போனேன். கைரேகை வைத்து, புகைப்படம் எடுத்து, என் எண்ணை எனக்கே மாற்றித் தந்தார்கள். வெளியே வந்ததும் கம்பிகள் வந்தன. எஸ்எம்எஸ் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கப் போய், கவுண்டரில் இருந்த பையன் பொறுமையாகச் சொன்னான்: "சார், இதுவும் சிம் மாத்தினதுதானே. இன்னும் 24 மணி நேரம் ஆகும்." திருடனுக்குப் போட்ட பூட்டு எனக்கும். கோபப்பட முடியவில்லை. கம்பெனிக்கு யார் நான், யார் அவன் என்று நேற்றே தெரியாமல்தானே போனது. ஒரு லாபம், சிம் மாற்றிய ஏழு நாளுக்கு எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றவும் முடியாது, 2024 ஜூலையிலிருந்து அப்படி விதி. அவன் அந்த வழியிலும் ஓடியிருக்க முடியாது.

எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் அழைப்பு வருகிறதே. அவன் பயன்படுத்திய அதே வழியை நானும் பயன்படுத்தினேன். வாட்ஸ்அப்பில் என் எண்ணைப் போட்டு, போன் செய்து சொல்லும்படி கேட்டு, ஆறு இலக்கத்தைப் போட்டேன். அந்த நொடியே அவன் வெளியேற்றப்பட்டான். ஆனால் அடுத்து ஒரு பின் கேட்டது. நான் போடாத பின். உள்ளே இருந்த நேரத்தில் அவன் போட்டுவிட்டான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளில் அவனாலும் நுழைய முடியாது, என்னாலும் முடியாது. லாங்பஜாரில் மூன்று கடைக்காரர்களும் ஒரு வாரம் பில்லைக் காகிதத்தில் கொடுத்தனுப்பினார்கள். பழைய காலம் மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வாரம் வேலை சீக்கிரம் முடிந்தது.

திங்கள் காலை முதல் வேலையாகக் கிளைக்குப் போனேன். கடிதத்தில் சிம் போன நேரம், கார்டைத் தடுக்கச் சொன்ன நேரம், புகார் எண்கள், கடவுச்சொல்லை மாற்ற யாரோ முயன்று தோற்றதாக வந்த மின்னஞ்சல், எல்லாம் எழுதி இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். பணம் எதுவும் போகவில்லையே, எதற்கு இது என்று மேலாளர் கேட்டார். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கைப்படி, வங்கிமேலும் தப்பில்லாமல் வாடிக்கையாளர்மேலும் தப்பில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளர் ஒரு பைசா ஏற்க வேண்டியதில்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை அவர் தலையில் விழலாம். அதற்கும் மேல் என்றால் வங்கியின் கொள்கைப்படி. பின்னால் ஏதாவது தெரியவந்தால் தேதி சொல்ல அந்தச் சீல் வேண்டும். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். ஆனால் கூரியர் லிங்க்கில் கார்டு விவரம் போட்டதையும் மறைக்காமல் எழுத வேண்டியிருந்தது. பணம் போயிருந்தால், அது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி வாதாட அந்த ஒரு வரி போதும். அப்போது புகார் சொல்லும்வரை போன பணம் நம் கணக்கு, சொன்ன பிறகு போவதுதான் வங்கிக் கணக்கு. அந்தப் பக்கம் நான் பரீட்சை எழுத நேரவில்லை.

அதற்குப் பிறகு சிலதை மாற்றிக்கொண்டேன். புது டெபிட் கார்டில் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்தே வைத்திருக்கிறேன், வேண்டும்போது ஆப்பில் போட்டு எடுத்துவிட்டு மறுபடி அணைக்கிறேன். வங்கி அறிவிப்பு மின்னஞ்சலுக்கும் வருகிறது. ஜிமெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி இல்லை, போனிலேயே எண் உருவாக்கும் ஆப் ஒன்றும், தாளில் அச்சிட்ட பத்து அவசரக் குறியீடுகளும். ஆதார் கைரேகையைப் பூட்டி வைத்திருக்கிறேன், ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மறந்துபோய் ஒருமுறை திட்டு வாங்கினேன். `sancharsaathi.gov.in`-இல் என் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்தேன். மூன்று. மூன்றாவது 2014-இல் வாங்கி மறந்துபோன டேட்டா கார்டு, அதை வேண்டாம் என்று போட்டுவிட்டேன்.

சிம்முக்கே பின் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். போட்டிருக்கிறேன், போன் தொலைந்தால் சிம்மை எடுத்து வேறு போனில் போடுவதை அது தடுக்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். ஆனால் நடந்த இந்தத் திருட்டுக்கு அது மருந்தில்லை. அந்தப் பின் பழைய கார்டுக்குள் இருக்கிறது. எண்ணே புதுக் கார்டுக்குப் போய்விட்ட பிறகு பழைய கார்டில் பூட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

அம்மாவுக்கும் வாட்ஸ்அப் பின் போட்டுக் கொடுத்தேன். மறக்காமல் இருக்க அது அவ்வப்போது அதுவாகவே கேட்கும். கேட்கும்போதெல்லாம், "டேய், மறுபடியும் திருடன் வந்துட்டான்டா" என்று கூப்பிடுகிறாள். வெறும் பின் மட்டும் போதாது, மறந்தால் மீட்க மின்னஞ்சலும் சேர்க்க வேண்டும், அவளுக்கு என்னுடையதைச் சேர்த்திருக்கிறேன்.

பிடித்து வைத்த 5,000 ரூபாய் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் நடந்து நடந்து சித்தி மகன் கணக்குக்குத் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. மீதி 3,000-ஐ நான் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். கல்யாண மொய்யில் சேர்த்து எழுதிவிட்டேன்.